பேரம் பேசாத லூர்துசாமி

புனேயில் கோர்படி ரயில்வே காலனிப் பக்கம் காபித்தூள் அரைத்து விற்கும் லூர்துசாமிக்கு வாழ்நாளில் பேரம் பேசத் தெரியாது. கடை வாசலில் மராத்தியில் ‘ஒரே விலை’ என்று பலகை வைத்திருந்தார். ஐம்பது பைசா குறைக்கச் சொன்னால் பலகையைக் காட்டுவார். காய்கறிக்காரி சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு வருவதால், மனைவி ஜோசபின் அவரை மார்க்கெட்டுக்கு அனுப்புவதை என்றைக்கோ நிறுத்திவிட்டாள்.

கடையின் சொந்தக்காரி வைஜயந்தி பாய். ராணுவ ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்ற நான், வாரம் ஒரு முறை அவருக்கு ரத்த அழுத்தம் பார்க்கப் போவேன். அவருக்கும் லூர்துசாமிக்கும் நடுவே இருந்தது புனேயில் எல்லாக் கடைக்கும் உள்ள பதினோரு மாத ஒப்பந்தம். பதினோரு மாதம் முடிந்தால் புது முத்திரைத்தாள், புதுக் கையெழுத்து.

2003இல் லூர்துசாமிக்குக் கொட்டை வறுக்கும் இயந்திரம் வாங்க ஆசை. வங்கியில், “அஞ்சு வருஷக் கடனுக்குப் பதினோரு மாசக் கடையா? நீண்ட ஒப்பந்தம் கொண்டு வாங்க” என்று அனுப்பிவிட்டார்கள். சந்தையில் வாங்கும் வறுத்த கொட்டை ஒரு நாள் கரி, ஒரு நாள் பச்சை. வாடிக்கையாளர்கள் நழுவிக்கொண்டிருந்தார்கள்.

உடனே வைஜயந்தி பாய்க்குத் தட்டச்சு செய்து ஒரு கடிதம் அனுப்பினார். நல்ல கடிதம்தான். இப்போதைய ஒப்பந்தம் முடியும் தேதி, புதிதாக ஐந்து வருடத்துக்கு லீவ் அண்ட் லைசென்ஸ் என்கிற வாடகை ஒப்பந்தம், பதிவுச் செலவில் பாதி தன்னுடையது, காலம் முடிந்ததும் சாவி ஒப்படைப்பு, வருடத்துக்கு ஐந்து சதவீதம் ஏற்றம். எல்லாம் சரி. வாடகையைத்தான் இரண்டாயிரத்து ஐந்நூறிலிருந்து மூவாயிரமாகத் தானே உயர்த்தி எழுதிவிட்டார்.

அந்த வாரம் நான் போனபோது வைஜயந்தி பாய்க்கு அழுத்தம் நூற்றெண்பது.

“சிஸ்டர், அந்த மதராஸி அண்ணா என் கடையை முழுங்கப் பார்க்கிறான்!”

“எதை வெச்சுச் சொல்றீங்க?”

“எந்த வாடகைக்காரன் தானா ஐந்நூறு ஏத்துவான்? நான் முந்நூறுதான் கேக்க நினைச்சிருந்தேன். என் வீட்டுக்காரர் பேட்டையில ஒரு கடையைக் கடிகாரக்காரனுக்கு விட்டார். வாடகை நாப்பது ரூபாய். அவரும் போயிட்டார், கடிகாரக்காரனும் போயிட்டான். அவன் மகன் காலி பண்ணாம இன்னும் நாப்பது ரூபாய் தர்றான்!”

மாத்திரையைக் கொடுத்துவிட்டு நேரே கடைக்குப் போனேன்.

“லூர்து, இன்னொரு கடிதம் எழுதுங்க. இரண்டாயிரத்து அறுநூறுன்னு.”

“அதெப்படி சிஸ்டர்? அந்த இடம் மூவாயிரம் பெறும். எழுதினதை மாத்த மாட்டேன்.”

“அந்தம்மா பயப்படறாங்க.”

“கூடக் குடுத்தா பயமா? இது என்ன வியாதி?”

“அதுக்கு மருந்து எங்கிட்ட இல்ல. ஜோசபின்கிட்ட இருக்கு” என்றேன்.

மறுநாள் ஜோசபின் புருஷனையும் என்னையும் வைஜயந்தி பாய் வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனாள். உள்ளே நுழைந்ததும், மராத்தியில் சித்தி முறை வைத்துக் கூப்பிட்டு, இந்தியில் தொடங்கிவிட்டாள்.

“மாவுஷி, இந்த மனுஷனுக்குப் புத்தி பேதலிச்சுப்போச்சு. மூவாயிரமாம்! கடையைப் பாருங்க, மழை வந்தா உள்ளேயும் மழை. இரண்டாயிரத்து அறுநூறுக்கு மேல ஒரு பைசா கிடையாது.”

வைஜயந்தி பாய் நிமிர்ந்து உட்கார்ந்தார். முகத்தில் தெம்பு வந்தது. “அறுநூறா? கையெழுத்துப் போட்டுக் கடிதம் குடுத்தது யாரு?”

“ஜோசபின், நான் எழுதினது...” என்று லூர்துசாமி ஆரம்பித்தார்.

“நீங்க வாயை மூடுங்க” என்றாள் தமிழில்.

இரண்டு முறை டீ வந்தது. ஜோசபின் இரண்டு முறை எழுந்து வாசல்வரை போனாள்; இரண்டு முறையும் வைஜயந்தி பாய் கூப்பிட்டு உட்கார வைத்தார். லூர்துசாமி பல் பிடுங்க வந்தவர்போல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐம்பது ஐம்பதாக ஏறி, கடைசியில் இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம், ஐந்து வருடம், கூரையைச் சொந்தக்காரி சரிசெய்வது என்று முடிந்தது. மூவாயிரத்துக்கு நடுங்கிய அந்த அம்மாள், நூறு ரூபாயை இழந்துவிட்டு வெற்றிக் களிப்பில் இருந்தார்.

“இப்பத்தான் நம்பிக்கை வந்தது. கடையை முழுங்க வந்தவன் பெண்டாட்டி அம்பது ரூபாய்க்கு இப்படிச் சண்டை போடுவாளா?”

எதற்கும் இருக்கட்டும் என்று அழுத்தம் பார்த்தேன். நூற்று நாற்பது.

அடுத்த வாரம் பதிவு அலுவலகத்தில் இருவரும் கையெழுத்தும் கைநாட்டும் வைத்தார்கள். ஜோசபினும் நானும் சாட்சி. அந்தத் தாளைக் காட்டியதும் வங்கி கடன் கொடுத்தது. மழைக்கு முன்பே இயந்திரம் வந்துவிட்டது.

ஆனால் லூர்துசாமிக்கு மனம் ஆறவில்லை. எழுதியது மூவாயிரம் ஆயிற்றே. மாதம் பிறந்தால் வாடகையோடு, ஜோசபினுக்குத் தெரியாமல் நூறு ரூபாய்க்குக் காபித்தூளும் கட்டிக் கொடுத்துவிட்டு வருவார். வைஜயந்தி பாய் டீயைத் தவிர எதையும் தொடமாட்டார். பொட்டலம் என்னிடம் வந்துவிடும்.

நல்ல தூள். இப்போதெல்லாம் வறுவல் ஒரே பதம்.