டேங்க் என்ற சொல்லுக்கு ஒரு பத்தி

எருமப்பட்டிப் பக்கம் ஒரு முட்டைக்கோழிப் பண்ணை. அதன் ஆபீஸில் கம்ப்யூட்டர் வேலை எனக்கு. அன்று காலை மேனேஜர் தன் போனை என் முகத்துக்கு நேராக நீட்டினார்.

“ஏம்மா, இதைக் கட்டம் போட்டு அட்டவணையா அடிச்சுக் குடு. லேமினேசன் பண்ணி ஏழு ஷெட்டுலயும் மாட்டோணும். இதுங்களுக்குக் கட்டம் போட்டாத்தான் புரியும்.”

“இதுங்க” என்றது ஷெட்டில் வேலை செய்யும் ஆட்களை. பத்து வருஷமாக அங்கே இருக்கிறேன், அந்தச் சொல் எனக்குப் பழகவில்லை. கேட்டால் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும்.

போனில் இருந்தது பண்ணைக்கு வந்துபோகும் கால்நடை டாக்டரின் வாட்ஸ்அப் செய்தி. நிறுத்தற்குறி என்று ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது போல. மூன்று கிருமிநாசினிகளை ஒரே மூச்சில் ஒப்பிட்டிருந்தார். நீல கேன் டேங்குக்கு நூறு மில்லி மஞ்சளைவிடக் காரம் கம்மி கோழி இருக்கும்போதும் தரலாம் மஞ்சள் டேங்குக்கு எண்பது மில்லி காலி ஷெட்டுக்கு மட்டும் அடிக்கவும் அரை மணி ஊறணும் கையுறை கட்டாயம் சிவப்பு முன்னதில் பாதி போதும் சீக்கிரம் வேலை செய்யும் கால் நனைக்கிற தொட்டிக்கும் ஆகும் மற்றபடி அதே மாதிரி. இப்படியே போனின் திரை முழுக்க. பத்து நாளைக்கு முன்னால் வந்த செய்தி அது.

அந்தப் பத்து நாளில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். மூன்றாம் ஷெட்டைப் பார்த்துக்கொண்டிருந்த அக்கா, கோழிகள் கூண்டில் இருக்கும்போதே நீல மருந்தை அடித்தார். முதுகில் மாட்டிக்கொள்ளும் தெளிப்பானில் நூறு மில்லி. அன்று சாயங்காலமே கோழிகளுக்குக் கண்ணில் நீர் கொட்டியது. ஒரு வரிசை தீனியைத் தொடவில்லை. சில செத்தன, முட்டையும் குறைந்தது. அக்காவுக்குக் கண் இரண்டும் கோவைப்பழமாகச் சிவந்து, விரல் நுனியில் தோல் உரிந்து கிடந்தது. அதை ஒருவரும் கேட்கவில்லை.

மேனேஜர் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்: அளக்காமல் கண்ணளவுக்கு ஊற்றிவிட்டாள். வெள்ளிக்கிழமைக்குள் பண்ணைக் குடியிருப்பைக் காலி பண்ண வேண்டும் என்று அக்காவிடம் சொல்லியாகிவிட்டது. இந்தப் பக்கத்துப் பண்ணைகளில் ஒருத்தி கோழியைக் கொன்றாள் என்று பெயர் வாங்கினால் பிறகு எந்தப் பண்ணையின் கேட்டுக்குள்ளும் கால் வைக்க முடியாது. மேனேஜர் முதலாளியின் மச்சினர், அவர் சொன்ன சொல்லை எதிர்த்துப் பேசவும் ஆளில்லை. நானும் பேசவில்லை. அதுவும் என் கோபத்தில் ஒரு பங்கு.

நான் உட்கார்ந்து அட்டவணையைத் தொடங்கினேன். வரிசைக்கு ஒரு மருந்தாக மூன்று வரிசை, அதில் சிக்கல் இல்லை. மேலிருந்து கீழே இறங்கும் பத்திகளுக்குத் தலைப்பு வைப்பதில்தான் வேலையே இருந்தது. எதற்கு, எவ்வளவு, கோழி இருக்கும்போது ஆகுமா, எவ்வளவு நேரம் ஊற வேண்டும், கையுறை. ஐந்து தலைப்பு. ஒரு தலைப்பு வைத்தால் மூன்று மருந்துக்கும் அதே கேள்வியைக் கேட்டாக வேண்டும். எழுதிக்கொண்டே போகும்போது டாக்டர் ஒன்றுக்குச் சொன்னதை இன்னொன்றுக்குச் சொல்லாமல் தாண்டிவிடலாம், படிக்கிறவருக்கும் எல்லாம் சொன்ன மாதிரியே இருக்கும். கட்டம் அப்படித் தாண்ட விடாது.

“காரம் கம்மி” என்பதை எந்தக் கட்டத்திலும் போட முடியவில்லை. எவ்வளவு கம்மி? “முன்னதில் பாதி” என்றால் எதில் பாதி, நீலத்திலா மஞ்சளிலா? ஐம்பது மில்லியா நாற்பதா? “மற்றபடி அதே மாதிரி” என்றால் எதன் மாதிரி? நீலம் எதற்கு என்றே அந்தச் செய்தியில் இல்லை. நீலத்தின் முதல் கட்டம் காலி. சிவப்புக்குக் கோழி இருக்கும்போது ஆகுமா, காலி. ஊறும் நேரம், “சீக்கிரம்” என்பது நேரமா? அதுவும் காலி.

அளவுப் பத்திக்கு வந்தேன். எல்லாமே டேங்குக்கு இத்தனை மில்லி என்றிருந்ததால் தலைப்பில் “டேங்குக்கு” என்று அடித்தேன். அடித்த கையோடு நின்றேன். எங்கள் ஊரில் மருந்தடிக்கிறவர்கள் “ரெண்டு டேங்க் அடிச்சேன்” என்றால் அது முதுகில் மாட்டும் பதினாறு லிட்டர் தெளிப்பான். பண்ணையில் “டேங்க் ரொம்பிருச்சா?” என்றால் அது ஷெட்டுக்கு மேலே கோழி குடிக்கும் தண்ணீருக்கு வைத்திருக்கும் ஆயிரம் லிட்டர் கறுப்புத் தொட்டி. ஒரே சொல். தலைப்பை “ஒரு லிட்டர் தண்ணீருக்கு” என்று மாற்றிக் கணக்கிட்டுப் பார்த்தேன். மஞ்சள் தெளிப்பது, பதினாறு லிட்டருக்கு எண்பது என்றால் லிட்டருக்கு ஐந்து மில்லி. நீலம் மேல் டேங்குக்கு என்றால் ஆயிரத்துக்கு நூறு, லிட்டருக்குப் பூஜ்யம் புள்ளி ஒன்று. முதுகு டேங்குக்கு என்றால் லிட்டருக்கு ஆறு மில்லிக்கும் மேல். அறுபது மடங்கு வித்தியாசம்.

டாக்டருக்கு போன் போட்டேன்.

“சார், நீலம் டேங்குக்கு நூறுன்னீங்களே, எந்த டேங்குங்க?”

“மேல் டேங்குதானுங்க. அது குடிக்கற தண்ணிக்கு ஊத்தறது. தெளிக்கறதுக்கு இல்லீங்களே. அதென்ன கேள்வி?”

“மஞ்சளுக்குச் சொன்ன டேங்கு?”

“அது முதுகு டேங்கு. தெளிக்கறதாச்சே.” பிறகு குரல் இறங்கியது. “ஏனுங்க, யாராவது நீலத்தைத் தெளிச்சுப் போட்டாங்களா?”

சொன்னேன். அவர் மறைக்கவில்லை. எழுதியது தன் தப்புதான் என்றார். சிவப்பு மஞ்சளில் பாதி, கோழி இருக்கும்போது கூடவே கூடாது, பத்து நிமிஷம் ஊறணும், கையுறை எல்லாவற்றுக்கும் வேண்டும் என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் நிதானமாகப் பதில் சொன்னார். ஒவ்வொன்றையும் கேட்டு எழுதினேன்.

எழுதியதை மேனேஜரிடம் காட்டுவதற்கு முன் மூன்றாம் ஷெட்டுக்குப் போனேன். அக்கா கூண்டுக்கு அடியில் கூட்டிக்கொண்டிருந்தார்.

“அக்கா, அன்னிக்கு நூறு மில்லியை அளந்துதான் ஊத்துனீங்களா?”

“அளந்துதானுங்க அம்மிணி. மூடியில கோடு இருக்குதே. மேனேஜரு போனைப் பாத்துப் படிச்சாரு, டேங்குக்கு நூறு, கோழி இருக்கறப்பவே அடின்னாரு. நானாவா ஊத்துவேன்?”

அடி என்ற சொல் டாக்டர் நீலத்துக்கு எழுதிய வரியில் இல்லை. “தரலாம்” என்றுதான் இருந்தது. அடி என்று சேர்த்தது மேனேஜரின் வாய்.

ஆபீஸுக்குத் திரும்பி அட்டவணையை அவர் மேசையில் வைத்தேன். டேங்க் விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் ஒரு நொடி வெளுத்தது. உடனே சரியாகிவிட்டது. தாளை வாங்கிப் பார்த்து, “நல்லாத்தான் பண்ணியிருக்கே” என்றார். பிறகு மேலே தேதி இருந்த இடத்தில் விரல் வைத்தார்.

“இதைப் போன மாசத் தேதியா மாத்திரு.”

“எதுக்குங்க சார்?”

“மொதலாளி நாளைக்கு வாராரு. அட்டவணை ஷெட்டுல தொங்கிட்டுத்தான் இருந்துது, அவ பாக்கலைன்னு ஆயிரும். பிரச்சனை முடிஞ்சுது.”

காலையிலிருந்து ஒவ்வொரு கட்டமாகக் கேட்டுக் கேட்டு நிரப்பிய தாள். அக்கா மேல் தப்பில்லை என்று காட்டுகிற ஒரே தாள். அதை வைத்தே அக்காவின் கழுத்தை அறுக்கப் பார்க்கிறார். அதுவும் என் கையாலேயே, ஒரே ஒரு எண்ணை மாற்றி. இதைவிடக் கேவலம் ஒன்று உண்டா?

“மாத்த மாட்டேனுங்க,” என்றேன்.

“என்ன?”

“தேதியை மாத்த மாட்டேன். வேலையை விட்டுப் போகச் சொன்னா போறேன். அந்தக் கட்டத்துல பொய் எழுத மாட்டேன்.”

அவர் கத்தினார். நானும் கத்தினேன். என் குரல் அவ்வளவு பெரிதாக வரும் என்று எனக்கே தெரியாது. தீவன மில்லிலிருந்து இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள்.

மறுநாள் முதலாளி வந்தார். நான் இரண்டு தாளைக் கொடுத்தேன். ஒன்றில் டாக்டரிடமே கேட்டு வாங்கிய அதே செய்தி, அது வந்த தேதியோடு. இன்னொன்றில் அட்டவணை, அதை அடித்த தேதியோடு. முதலாளி செய்தியை இரண்டு தரம் படித்தார். “நான் படிச்சாலும் முதுகு டேங்குன்னுதான் நினைப்பேன்” என்றார். அவரும் தோட்டத்தில் மருந்தடித்து வளர்ந்த ஆள்தான். அக்கா இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார். மச்சினரை ஒரு சொல் கேட்கவில்லை. அக்காவிடமும் ஒரு சொல் சொல்லவில்லை.

நான் ஓடிப்போய் அக்காவிடம் சொன்னேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். தோல் உரிந்த விரலைச் சேலையில் துடைத்துவிட்டு அட்டவணையைக் கையில் வாங்கினார். கட்டம் கட்டமாகப் பார்த்தார்.

“என்ற மேல தப்பில்லைன்னு இதுல எந்தக் கட்டத்துல இருக்குதுங்க அம்மிணி?”

எதிலும் இல்லை. மருந்தைப் பற்றிய ஐந்து கேள்விக்கும் பதில் இருந்தது. பண்ணையில் எல்லோரும் அவரைக் கோழியைக் கொன்றவள் என்று பேசிக்கொண்டிருந்ததற்குக் கட்டம் இல்லை.

திரும்பி வந்து அட்டவணைக்கு அடியில் ஒரு வரி சேர்த்தேன். “முன்பு படித்துச் சொல்லப்பட்ட குறிப்பில் டேங்க் என்பது தெளிவாக இல்லை, மூன்றாம் ஷெட்டில் மருந்து சொன்னபடி அளந்தே ஊற்றப்பட்டது.” யாரிடமும் கேட்கவில்லை. நாமக்கல் போய் ஏழு தாளையும் லேமினேசன் பண்ணிக்கொண்டு வந்து நானே ஆணி அடித்து மாட்டினேன்.

இரண்டு வாரம் கழித்து மூன்றாம் ஷெட்டில் தொங்கிய தாளின் அடிப்பகுதி மட்டும் இல்லை. கத்தரியால் நேராக வெட்டியிருந்தது. யார் என்று நான் விசாரிக்கவில்லை, விசாரிக்க என்ன இருக்கிறது? ஆனால் லேமினேசனை வெட்டினால் வெட்டிய வாய் வழியாகத் தண்ணீர் ஏறும் என்பது வெட்டியவருக்குத் தெரியவில்லை. ஷெட் கழுவின தண்ணீர் உள்ளே போய் மை ஊறி, அளவுப் பத்தி முழுக்க நீலமாகக் கலங்கிவிட்டது. எத்தனை மில்லி என்று படிக்கவே முடியவில்லை.

மேனேஜர்தான் வந்து நின்றார். “ஏம்மா, மூணாவது ஷெட்டு அட்டவணை வீணாப் போச்சு. இன்னொன்னு அடிச்சுக் குடு.”

“குடுக்கறேனுங்க சார்,” என்றேன். முழுதாகவே அடித்தேன், கடைசி வரியோடு. அந்த வரியை மட்டும் இந்தத் தடவை அளவுப் பத்திக்கு மேலே, தலைப்புகள் இருக்கும் முதல் வரிசையிலேயே வைத்தேன், இனி அதை வெட்டினால் தலைப்பும் சேர்ந்து போகும்.