மூணு என்றால் தேவலை

பழனாயி குண்டடம் பக்கத்திலிருந்து திருப்பூருக்கு வந்தது 1957இல். அந்த வருடம் மழை இல்லை, காட்டில் சோளம் முழங்கால் உயரத்திலேயே காய்ந்து நின்றது. கணவர் ஆத்தப்பனுக்கு ஒரு பஞ்சாலையில் வேலை கிடைத்தது. நான்கு வருடத்தில் அவருக்கு மார்பில் சளி கட்டி, இருமி இருமிப் போய்ச் சேர்ந்தார். அதன் பிறகுதான் பழனாயி மருதாசலத்தின் பனியன் கம்பெனிக்குத் துணி மடிக்கப் போனாள். இரண்டு பெண் பிள்ளைகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுக் காலை ஏழரைக்கெல்லாம் கம்பெனி வாசலில் நிற்பாள்.

மடிக்கும்போது அவள் ஒவ்வொரு துணியையும் கட்டை விரலால் ஒரு தேய்ப்புத் தேய்ப்பதை மருதாசலம் கவனித்தார்.

"என்னத்தப் பாக்கறீங்க?" என்று கேட்டார்.

"இது சொரசொரங்குதுங்க. நேத்து வந்தது இப்படி இல்லீங்க."

அவர் வாங்கித் தடவிப் பார்த்தார். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. வெட்டும் மேஜையில் இருந்த வயதானவரைக் கூப்பிட்டுக் காட்டினார். அவர் அவள் சொன்னதையே சொன்னார். மறுவாரம் பழனாயியைத் துணி பார்க்கும் மேஜைக்கு மாற்றிவிட்டார்கள்.

பின்னி வந்த துணி பழுப்பாக இருக்கும். அது வெளியே சலவைப்பட்டறைகளுக்குப் போய், பிளீச்சிங் பவுடரில் ஊறி, அலசி, நீலம் போட்டு, வெயிலில் காய்ந்து, கட்டுக்கட்டாகத் திரும்பி வரும். வெட்டுவதற்கு முன் அதைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஆகும், அல்லது ஆகாது. ஆகும் என்றால் வெட்டும் மேஜைக்குப் போகும். ஆகாது என்றால் பட்டறைக்கே திரும்பிப் போய் இன்னொரு முறை வெளுக்க வேண்டும். இரண்டாம் முறை வெளுத்த துணியில் நூல் பாதி செத்துவிடும் என்பதால், ஆகாது என்று சொல்ல அவளுக்கு நாக்கு எழாது.

வீரபாண்டியில் பட்டறை வைத்திருந்த மயில்சாமியின் துணி காலை வண்டியில் வரும், அது பழனாயியின் மேஜைக்கு. மற்ற இரண்டு பட்டறைகளின் துணி மதியத்துக்கு மேல் வரும், அது ஜானகியம்மாளின் மேஜைக்கு. ஜானகியம்மாள் பழனாயிக்கு ஐந்து வருடம் மூத்தவள். கலகலவென்று பேசுவாள். வேலையில் குறை சொல்ல முடியாது.

மயில்சாமி தன் வண்டியோடு தானே வருவார். பவுடர் தண்ணீரில் நின்று நின்று விரல் இடுக்கெல்லாம் வெடித்திருக்கும். அவள் கட்டைப் பிரித்துத் தடவும்போது அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார். அப்படி ஏழு வருடம் அநேகமாக எல்லா நாளும் ஆகும் என்ற வார்த்தையைக் கேட்டுவிட்டுத்தான் போனார். 1968 சித்திரையில் ஒரு நாள் அவள் ஆறு கட்டில் நான்கை ஆகாது என்று தள்ளினாள்.

"ஏனுங்க அம்மிணி, நேத்து வரைக்கும் ஆச்சு. இன்னைக்கு என்னாச்சு?"

"நேத்தே அரைமனசாத்தானுங்கண்ணா சொன்னேன். அதுக்கு முந்துன வாரமும் அப்படித்தான்."

"அப்பவே சொல்லியிருக்கலாமுங்களே."

அவள் தள்ளிய கட்டுகளைத் திரும்பக் கட்டினாள். எப்படிச் சொல்வது? இருந்தது இரண்டு வார்த்தை. அவர் கிணற்றுத் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக உப்பேறிக்கொண்டிருந்தது, வெளுப்பு கொஞ்சம் கொஞ்சமாக மங்கிக்கொண்டிருந்தது, அது விரலுக்குத் தெரிந்திருந்தது. சந்தேகம் வரும்போதெல்லாம் மனம் இரங்கி ஆகும் என்றே சொல்லி வந்தாள். அவரும் அந்த வார்த்தையை நம்பிக் கிணற்றைப் பார்க்காமலே இருந்துவிட்டார்.

அதே மாதம் கல்கத்தாவுக்கு அனுப்பிய பனியனில் இரண்டு பேல், அதாவது இரண்டு பெரிய கட்டு, வெளுப்பு மங்கல் என்று திரும்பி வந்தது. மருதாசலத்தின் மகன் சிவசுப்பிரமணியம் அப்போதுதான் கோயம்புத்தூரில் படிப்பை முடித்துக் கம்பெனிக்கு வந்திருந்தான். பேசும்போது யாரையும் உட்கார வைத்துத்தான் பேசுவான். துணி பார்க்கும் இரண்டு பெண்களையும் கூப்பிட்டு உட்கார வைத்தான்.

"ஆகும், ஆகாதுங்கறதுல பாதி விசயம் மறைஞ்சு போகுதுங்க. ஒண்ணுலிருந்து அஞ்சு வரைக்கும் மார்க் போடலாமான்னு பாக்கறேன். ரொம்ப நல்லா இருந்தா அஞ்சு, ஆகவே ஆகாதுன்னா ஒண்ணு. பாக்கறவங்க நீங்க. நீங்களே சொல்லுங்க."

ஜானகியம்மாள் உடனே சொன்னாள். "ரெண்டே இருக்கட்டுந் தம்பி. ஆகும்னா ஆகும். நடுவுல அளக்கப் போனா நீ போட்டது மூணா நாலான்னு தெனமும் சண்டை வரும். இதென்ன தராசா? கைதானே."

பழனாயிக்கு மயில்சாமியின் நான்கு கட்டுகள் நினைவுக்கு வந்தன. "அஞ்சே இருக்கட்டுங்க தம்பி. எறங்கறப்பவே சொல்லிப்போடலாம். ஒரேயடியா ஆகாதுன்னு தள்ள வேண்டாமுங்க."

அவள் சொன்னதையே சிவசுப்பிரமணியம் எடுத்துக்கொண்டான். இரண்டு நோட்டுப் புத்தகம் வாங்கிக் கொடுத்தான். அன்றிலிருந்து ஒவ்வொரு கட்டுக்கும் தேதி போட்டு எண் எழுதினார்கள்.

முதல் வருடம் நன்றாகத்தான் இருந்தது. நாலு, நாலு என்று போய்க்கொண்டிருந்த மயில்சாமியின் துணி ஐப்பசியில் மூன்றுக்கு இறங்கியது. அவளே அவரிடம் சொன்னாள். அவர் கிணற்றை இன்னும் பத்தடி வெட்டினார், கடைசி அலசலுக்கு மட்டும் பக்கத்துத் தோட்டத்துத் தண்ணீரை விட்டார். மறுபடி நாலு வந்தது.

"மூணுன்னா பயப்பட வேண்டாமுங்கண்ணா," என்று அவள் அவரிடம் சொல்லி வைத்திருந்தாள். "மூணுன்னா தேவலைன்னு அர்த்தம். ரெண்டு வந்தாத்தான் பாக்கோணும்."

கோளாறு மெதுவாக வந்தது. வெயில் நாளில் நாலு என்று படுவது மூட்டமான நாளில் மூன்றாகப் பட்டது. ஐந்து போட்டால் அடுத்த நாள் அதைவிட நல்லதாக ஒன்று வந்தால் என்ன போடுவது என்று கை நின்றது. அவள் நோட்டில் பக்கத்துக்குப் பக்கம் மூன்றாக நிறைந்தது. ஜானகியம்மாளோ நாலு போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருந்தாள்.

சிவசுப்பிரமணியம் ஒரு நாள் சோதனை என்று சொல்லாமல் ஐம்பது துணித்துண்டு எடுத்துப் பழனாயியிடம் மார்க் வாங்கினான். பத்து நாள் கழித்து அதே ஐம்பதை வரிசை மாற்றிக் கொடுத்தான். இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டினான். இருபத்திரண்டில்தான் அதே எண். மற்றவற்றில் அநேகமாக ஒன்று கூடியோ குறைந்தோ இருந்தது.

பழனாயி இரண்டு வரிசையையும் விரல் வைத்துப் பார்த்தாள். "அப்படின்னா என்ற கை பொய்யுங்களா?"

"இல்லீங்க்கா. இதையே ஆகும், ஆகாதுன்னு பிரிச்சுப் பாத்தேன். மூணும் அதுக்கு மேலயும் ஆகும்னு வெச்சா நாப்பத்தி நாலு ஒத்து வருது. உங்களுக்கு நல்லது கெட்டது தெரியுது. மூணுக்கும் நாலுக்கும் நடுவுல கோடு எங்கிருக்குன்னுதான் நிலையா இல்லை. அது யாருக்கும் நிலையா இருக்காது. மாதிரி ஒண்ணு கண்ணு முன்னால இருந்தா உதவும்."

ஐந்து தரத்துக்கும் ஐந்து துணித்துண்டு தேர்ந்தெடுத்துப் பலகையில் ஆணியடித்து இரண்டு மேஜைக்கும் நடுவே மாட்டினான். ஆறு மாதத்தில் அந்தத் துண்டுகளே வெளிச்சம் பட்டு மஞ்சள் பூத்தன. அவற்றோடு ஒப்பிட்டால் வருகிற துணியெல்லாம் உயர்வாகத் தெரிந்தது. புதுத் துண்டு மாற்றினால் எல்லாம் மட்டமாகத் தெரிந்தது. பலகையைக் கழற்றிவிட்டார்கள்.

1970 தையில் மருதாசலம் மூன்று பட்டறையில் இரண்டை மட்டும் வைத்துக்கொள்வது என்று முடிவு செய்தார். மூன்று பேரையும் அவருக்குப் பல வருடமாகத் தெரியும், ஒருவரை நிறுத்த வாய் வரவில்லை. நோட்டைக் கேட்டார். கணக்குப்பிள்ளை பட்டறைவாரியாகக் கூட்டி வகுத்து ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார். மற்ற இரண்டும் மூன்றே முக்கால், மூன்றரை. மயில்சாமிக்கு மூன்றுக்குக் கொஞ்சம் கீழே.

பழனாயிக்கு விசயம் தெரிந்தபோது கையில் இருந்த கட்டைப் போட்டுவிட்டு ஆபீஸ் அறைக்குப் போனாள். அது வரை அந்த அறைக்குள் அவள் போனதில்லை.

"மொதலாளி, என்ற மூணும் ஜானகியக்கா நாலும் ஒண்ணுதானுங்க. மயில்சாமியண்ணன் துணி என்ற மேஜைக்கு மட்டுந்தான் வருது. அவங்க மேஜைக்குப் போயிருந்தா அதுவும் நாலு வாங்கியிருக்குமுங்க."

மருதாசலம் நோட்டைத் திருப்பி அவள் பக்கம் வைத்தார். "இது நீங்க எழுதினதுதானே?"

"ஆமாங்க."

"யாராச்சும் எழுதச் சொன்னாங்களா?"

"இல்லீங்க."

சிவசுப்பிரமணியம் பக்கத்தில் நின்றான். "அக்கா சொல்றது நெசமுங்கப்பா. ஜானகியக்கா பாத்த துணில பத்து எடுத்து இவங்ககிட்டக் குடுத்துப் பாத்தேன். ஏழுக்கு ஒரு மார்க் கம்மியாப் போட்டாங்க. மேஜையை மாத்தி மாத்திக் குடுத்து மூணு மாசம் பாக்கலாமுங்க."

"ரெண்டு பேரும் ஒரே துணிக்கு வேற வேற போட்டா நான் யாரை நம்பறது?" என்றார் மருதாசலம். குரல் உயரவில்லை. "அஞ்சு வேணும்னு சொன்னது நீ. சரின்னு சொன்னது இவங்க. இப்ப நம்பர் வந்திருக்கு, அதை ஒத்துக்க மாட்டேங்கறீங்க. மூணுக்கு மேல இருக்கறது இருக்கட்டும், கீழ இருக்கறது நிக்கட்டும். போங்க."

மகன் நோட்டை எடுத்து மூடி வைத்தான்.

அன்று மாலையே பழனாயி வீரபாண்டிக்கு நடந்து போனாள். தொட்டிகளில் தண்ணீர் இல்லை. கம்பெனி ஆள் ஏற்கெனவே வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தான். மயில்சாமி கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி மயிலாள் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

"அம்மிணி, மூணுன்னா தேவலைன்னுதானே சொன்னீங்க?"

"ஆமாங்கண்ணா."

"நானும் தேவலைன்னுதான் நெனச்சுட்டிருந்தேன்."

அவள் நடந்ததை எல்லாம் சொன்னாள். ஜானகியம்மாளின் மேஜையைச் சொன்னாள். ஐந்து வேண்டும் என்று கேட்டதே தான்தான் என்பதையும் சொன்னாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். கடைசியில், "பொழுது எறங்குது, பிள்ளைங்க தனியா இருக்கும், போங்க," என்றார். கோபமாகப் பேசியிருந்தால் அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

அவர் வேறு கம்பெனிகளுக்கு அலைந்தார். அந்தக் கம்பெனியில் ஏன் நிறுத்தினார்கள் என்றுதான் எல்லோரும் கேட்டார்கள். மார்க் குறைச்சல் என்றார். கேட்டவர்களுக்கு அந்த வார்த்தை போதுமானதாக இருந்தது. வண்டியை விற்றார், மாட்டை விற்றார், அடுத்த வருடம் இன்னொருவர் பட்டறையில் தொட்டியில் இறங்கும் கூலியாகப் போனார். பவுடர் நெடியில் மூச்சு இழுப்பு வந்து, 1973 மார்கழியில் இறந்தார்.

கம்பெனியில் நோட்டும் நிலைக்கவில்லை. மயில்சாமி நின்ற சில மாதத்திலேயே மற்ற பட்டறைக்காரர்கள் மார்க்குக்காக இரண்டு மேஜையிலும் சண்டை பிடித்தார்கள். எல்லாருக்கும் நாலு விழுந்தது. 1971இல் மருதாசலம் நோட்டை எடுத்துவிட்டுப் பழையபடி ஆகும், ஆகாது என்றே சொல்லச் சொன்னார்.

பழனாயியால் அது முடியவில்லை. துணியைத் தடவுவாள், விரலுக்கு எப்போதும்போலத் தெரியும், வார்த்தை வராது. வெட்டும் மேஜையிலிருந்து கத்தினால் அவசரத்தில் ஆகும் என்பாள். ஆகாதவற்றுக்கும் அதையே சொன்னாள். மூன்று மாதத்தில் மறுபடி பேல் திரும்பி வந்தது. சிவசுப்பிரமணியம் அவளைத் தனியே கூப்பிட்டு, "என்னங்க்கா?" என்று கேட்டான்.

"எனக்குத் தெரியலீங்க தம்பி," என்றாள். "என்னைய மடிக்கவே உட்டுருங்க."

விட்டுவிட்டார்கள். அதன் பிறகு ஒன்பது வருடம் மடிக்கும் இடத்தில் இருந்தாள். பெண்கள் இரண்டும் வேறு வேறு கம்பெனிகளுக்குத் தைக்கப் போனார்கள். அவள் வருகிற பனியனைக் கைநுனியால் பிடித்து, நாலாக மடித்து, அட்டையைச் செருகி, பெட்டிக்குள் வைப்பாள். ஏதோ ஒரு நாள் ஜானகியம்மாள் ஒரு துணியை நீட்டி, "இதைத் தொட்டுப் பாரு, எனக்குச் சந்தேகமா இருக்குது," என்றபோது, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, "எனக்கு இங்க வேலை கெடக்குதுங்க்கா," என்று சொல்லித் திரும்பிக்கொண்டாள்.