கட்டாயத் தேவை, இலக்கம் நான்கு

நோயாளர் பதிவைக் கணினிக்கு மாற்றித் தரக் கேட்டு மென்பொருள் நிறுவனங்களுக்கு அந்தக் கடிதத்தை எழுத எனக்கு மூன்று நாள் பிடித்தது. வேலை அதிகம் என்பதால் அல்ல. நான்காவது இலக்கத்துக்கு வந்ததும் கை நின்றுவிடும். எழுந்துபோய்த் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வருவேன், அது ஆறிப்போகும்.

எங்களுடையது ஒரு தொண்டு நிறுவனம். மட்டக்களப்பு டவுனில் ஒரு கிளினிக், குருக்கள்மடத்தில் ஒன்று, கதிரவெளியில் ஒன்று. மூன்றிலும் நோயாளர் அட்டைகள் காகிதத்தில்தான். ஒரு வீட்டுக்கு ஒரு கோப்பு. அந்த வீட்டில் இருக்கிற எல்லாருடைய அட்டையும் அதற்குள். பதிவுப் பகுதிக்கு நான் பொறுப்பு. இந்த ஒழுங்கு எவ்வளவு நல்லது என்று வருகிறவர்களுக்கெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தவளும் நான்தான்.

எங்கள் பக்கம் கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளை பெண் வீட்டுக்குப் போவார். அட்டை போகாது. அது தாய் வீட்டுக் கோப்பில் கிடக்கும்.

சில வருடங்களுக்கு முன் நான் குருக்கள்மடத்தில் பதிவு மேசையில் இருந்தபோது புதிதாகக் கல்யாணம் முடித்த ஒருவர் மனைவியோடு வந்தார். வாவியில் இறால் பிடிக்கிறவர், சொந்த ஊர் கதிரவெளி. காலில் முள் ஏறிப் பழுத்திருந்தது. மனைவி வீட்டுக் கோப்பை எடுத்து அவருக்குப் புது அட்டை போட்டேன். முன்பு எங்கேயும் அட்டை இருந்ததா என்று கேட்கவில்லை. படிவத்தில் அந்தக் கேள்வி இல்லை, வரிசை வாசல்வரை நின்றது, நான் கேட்கவில்லை. ஏதாவது மருந்து ஒத்துக்கொள்ளாதா என்று டொக்டர் கேட்டாராம். அவருக்குத் தெரியாது. மூன்று வயதில் ஓர் ஊசி ஒத்துக்கொள்ளாமல் போனதை யார் ஞாபகம் வைத்திருப்பது? கதிரவெளிக் கோப்பில் சிவப்பு மையால் எழுதியிருந்தது, பெனிசிலின் கூடாதென்று. ஊசி போட்டார்கள். அம்புலன்ஸ் வந்தது. ஆள் ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை.

விசாரணையில் யாரிலும் பிழை இல்லை என்றார்கள். நானும் ஓம் என்று தலையாட்டினேன். அழுகை வரவில்லை, இன்றைக்கும் வரவில்லை. பல் பிடுங்க மரத்துப்போகிற ஊசி போட்டால் கன்னம் யாருடையதோ போல இருக்குமே, அப்படித்தான் இருக்கிறேன்.

கடிதத்தில் முதலில் எங்களைப் பற்றி எழுதினேன். பிறகு பாவனையாளர் எண்ணிக்கை: பதிவுக்கு எட்டுப் பேர், தாதியர் ஆறு, வைத்தியர் மூன்று, மருந்து கொடுப்பவர் நாலு, அலுவலகத்தில் இரண்டு. மொத்தம் இருபத்துமூன்று, ஒரே நேரத்தில் கூடியது பன்னிரண்டு. தேவைகளில், தமிழில் வேலை செய்ய வேண்டும், கதிரவெளியில் சிக்னல் விட்டுப்போனாலும் பதிவு நிற்கக்கூடாது, பழைய அட்டைகளை உள்ளே ஏற்ற வழி வேண்டும். நான்காவது: "ஒருவருக்கு வேறு ஊரில், வேறு வீட்டில், அடையாள அட்டை இலக்கம் இல்லாமல் பழைய பதிவு இருந்தால், புதிய பதிவைச் சேமிக்கும் முன் மென்பொருள் அதைக் காட்ட வேண்டும். ஒவ்வாமை எச்சரிக்கை எந்தக் கிளினிக்கிலும் தெரிய வேண்டும். கட்டாயம். இது இல்லாவிட்டால் ஏனையவற்றுக்குப் புள்ளி இடப்படமாட்டாது."

பணிப்பாளர் ஓய்வுபெற்ற டொக்டர், நல்ல மனிதர். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவைத்துக்கொண்டு வாசித்தார்.

"பிள்ள, இதக் கட்டாயமெண்டு போட்டா ஒருத்தனும் வரமாட்டான். விரும்பத்தக்கதெண்டு போடுவமே."

"வராட்டி வராம இருக்கட்டும் சேர்."

அவர் கண்ணாடியைக் கீழே இறக்கினார். பிறகு கையெழுத்து வைத்தார். புள்ளித்திட்டத்தையும் இணைத்தேன். தேடலுக்கும் இரட்டைப் பதிவுக்கும் முப்பது, சிக்னல் இல்லாத வேலைக்கு இருபத்தைந்து, தமிழுக்கும் இலகுவுக்கும் இருபது, பழைய அட்டைகளுக்குப் பதினைந்து, பயிற்சிக்கும் உதவிக்கும் பத்து.

கொழும்பிலிருந்து ஒரு நிறுவனம் பதில் போட்டது. அவர்களுடைய பெண் போனில் வந்தாள். வழக்கமான செயல்விளக்கம் முக்கால் மணித்தியாலம், படம் போட்டுக் காட்டுவோம் என்றாள். படம் வேண்டாம், நாங்கள் அனுப்புகிற பத்து மாதிரி அட்டைகளை ஏற்றி, நாங்கள் சொல்கிற வரிசையில் எங்கள் ஆட்களே செய்துபார்க்க வேண்டும் என்றேன். சரி அக்கா என்றாள். மாதிரி அட்டைகளில் பெயர்களை மாற்றினேன், பிறந்த திகதிகளை மாற்றினேன். ஒன்றில் மட்டும் ஊரையும் காலில் ஏறிய முள்ளையும் மாற்ற மனம் வரவில்லை.

செயல்விளக்கத்தன்று ஒவ்வொரு வேலைக்கும் ஓர் ஆளாக மேசையைச் சுற்றி இருந்தோம். பதிவு வேலைக்காக வந்தவள், ஊசி போட்டு இறந்த அந்த இறால்காரருடைய மனைவி. அவர் போன அடுத்த வருடம் நிறுவனம் அவளுக்குக் குருக்கள்மடத்தில் பதிவு மேசை வேலை கொடுத்திருந்தது. அவளைத் தெரிவுசெய்தது நானல்ல, அந்தக் கிளினிக். வேறு ஆளை அனுப்புங்கள் என்று சொல்லியிருக்கலாம். காரணம் கேட்பார்களே என்று பேசாமல் இருந்தேன்.

அவள் வரிசைப்படி தட்டினாள். நாலாவது, நான் ஊரையும் முள்ளையும் மாற்றாத அட்டைக்கு வந்ததும் விரல் ஒருகணம் நின்றது. பிறகு பெயர், புது விலாசம், அடையாள அட்டை இலக்கம். கதிரவெளிப் பழைய அட்டை உள்ளே ஏற்றியிருந்தும் தேடல் ஒன்றும் காட்டவில்லை. 'சேமி' என்ற பொத்தான் பச்சையாக வந்து நின்றது.

"இலக்கம் நாலு விழுந்துட்டு," என்றார் பணிப்பாளர் மெதுவாக.

"தாய்ர பேர வெச்சுத் தேடலாமா?" அவள் கொழும்புப் பெண்ணிடம் கேட்டாள். "கலியாணம் முடிச்சா வீடு மாறும். தாய் மாறமாட்டா."

கொழும்புப் பெண் அமைப்புப் பக்கத்தைத் திறந்தாள். ஒரே ஆளா என்று எதைவைத்துப் பார்ப்பது என்பதை அமைப்பில் மாற்றலாம் என்றாள். தாயின் பெயரையும் பிறந்த வருடத்தையும் அதில் சேர்த்துவிட்டு, திரும்பத் தட்டச் சொன்னாள். இந்தத் தடவை பொத்தான் வரவில்லை. இரண்டு அட்டைகள் பக்கத்தில் பக்கத்தில் வந்தன. 'இருவரும் ஒரே ஆளா?' என்று கேட்டது.

அவள் 'ஆம்' என்பதை அழுத்தினாள். மேலே சிவப்புப் பட்டை விழுந்தது. பெனிசிலின் ஒவ்வாமை.

எல்லாரும் கை தட்டினார்கள். பணிப்பாளரும் தட்டினார்.

மற்றவர்கள் தேத்தண்ணிக்கு எழுந்தபோது அவள் எழும்பவில்லை. நான் பக்கத்தில் போய் இருந்தேன். திரையைப் பார்த்தபடியே சொன்னாள்.

"இது அவர்ர அட்டைதானே அக்கா."

"ஓம்."

"அண்டைக்கு நீங்க கேட்டீங்க, பழைய அட்டை இருக்கா எண்டு. நான்தான் இல்லெண்டன். அது மாமி வீட்டு அட்டை, நம்மட இல்லெண்டு நினைச்சிட்டன். ஒருத்தருக்கிட்டயும் சொல்லல்ல."

இத்தனை வருடமாக நான் கேட்காததை இவள் கேட்டதாக்கி, பதிலையும் சொல்லி, பழியைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு நாளும் அதே மேசையில் வந்து இருந்திருக்கிறாள். நான் பேசாமல் விட்டிருந்தால் அந்தப் பழி அவளோடேயே போயிருக்கும். அந்த எண்ணம் எனக்கு வராமல் இல்லை, வந்தது.

"நான் கேக்கல்ல பிள்ள," என்றேன். "அந்தக் கேள்வியே இருக்கல்ல. நான் கேக்கல்ல."

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். புள்ளித்தாளை இழுத்து, இலக்கம் நான்குக்கு எதிரே 'உண்டு' என்று எழுதிக் கையெழுத்து வைத்துவிட்டு, கீழே நான் கையெழுத்து வைக்கப் பேனையை என் பக்கம் தள்ளினாள்.