கறவை நேரத்தில் பார்த்த ஆடிட் ஆபீஸ்

வடகரப்பதி தங்கதுரைக்கு மாடு வாங்குவதில் ஒரு பிடிவாதம் உண்டு. விற்பவர் பத்து மணிக்கு வரச் சொன்னால் பத்து மணிக்குப் போக மாட்டார். விடிவதற்குள், கறவை நேரத்தில், சொல்லாமல் கொள்ளாமல் தொழுவத்தில் போய் நிற்பார். பால் இறங்குவதைக் கண்ணால் பார்க்கும்வரை முன்பணப் பேச்சே கிடையாது. இவ்வளவு உஷாரான மனிதர், தங்கை மகள் செல்வப்பிரியாவை மூன்று வருடத்துக்கு ஓர் ஆடிட் ஆபீசில் சேர்க்கும் விஷயத்தில் மட்டும், வாசலில் மின்னிய பித்தளைப் பலகையைப் பார்த்தே சொக்கிப் போனார்.

செல்வப்பிரியா சி.ஏ. இன்டரில் முதல் குரூப்பைத் தாண்டியிருந்தாள். இரண்டாவதில் நாலைந்து மார்க்கில் வழுக்கிவிட்டாள். புதிய விதிகள் வருவதற்கு முந்தைய வருடம் அது. ஒரு குரூப் பாஸானாலே ஆடிட்டர் ஒருவரிடம் ஆர்ட்டிகிளாகச் சேர்ந்து மூன்று வருடம் வேலை பழகலாம். மீதிக் குரூப்பை இடையில் எழுதிக்கொள்ள வேண்டியதுதான். அவள் எழுதப்போவது மே மாதத்தில். இன்னொரு முறை தோற்றால் வீட்டில் யாரும் ஒன்றும் சொல்லப் போவதில்லை. ஆனால் தன்னால் இது ஆகாது என்று தானே நம்பிவிடுவோமோ என்றுதான் அவளுக்குப் பயம். அந்தப் பயத்தை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

தங்கதுரையின் தேங்காய் மண்டிக் கணக்கைப் பார்ப்பது கோயம்புத்தூரில் ஒரு பெரிய ஆபீஸ். அங்கே பார்ட்னரிடம் பேசி மருமகளுக்கு இடம் வாங்கிவிட்டார். ஸ்டைபண்டும் நல்ல தொகை. சொந்தபந்தம் அத்தனைக்கும் போன் போட்டுச் சொல்லியாயிற்று. இனி வேண்டாம் என்றால் மாமாவின் முகத்தில் கரி பூசிய மாதிரி.

நேரில் பார்க்கக் கூப்பிட்ட நாளில் மாமாவும் மருமகளும் போனார்கள். ஏ.சி. குளிர், காபி, மரியாதை எதற்கும் குறைவில்லை. செல்வப்பிரியா மேனேஜரிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"சார், மே மாசம் குரூப் டூ எழுதோணும். படிக்க எத்தன நாள் லீவு கெடைக்குமுங்க?"

"மொதல்ல சேருங்க, அதெல்லாம் பாத்துக்கலாம்" என்று சிரித்தார் மேனேஜர்.

அந்த 'பாத்துக்கலாம்' அவளை உறுத்தியது. மாமா பார்ட்னருடன் தேங்காய் விலை பேசிக்கொண்டிருந்தபோது, அவள் சாப்பாட்டு அறைப் பக்கம் நடந்தாள். அங்கே மூன்றாம் வருட ஆர்ட்டிகிள் மௌனிகா தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

"நீங்க என்ன வேல பாக்கறீங்கக்கா?"

"ஒரே மில்லு. அதுல வவுச்சர் டிக் அடிக்கறது. ரெண்டு வருசமா அதேதான். நல்லா டிக் அடிக்கறேன்னு நல்ல பேரு." சிரித்துவிட்டு மௌனிகா ஊறுகாயைத் தொட்டுக்கொண்டாள். "எல்லாத்துக்கும் அப்படியில்ல. சில டீம்ல நல்ல வேலை கெடைக்கும். யாருக்கு எந்த டீம்ங்கறது நம்ம கையில இல்ல. லீவு எனக்குப் பதினஞ்சு நாள் குடுத்தாங்க. குரூப் டூ இன்னும் பாக்கி நிக்குது."

ஒரு வாரத்தில் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டு வரச் சொன்னார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டால் நடுவில் ஆபீஸ் மாறுவது அவ்வளவு லேசில்லை. திரும்பி வரும்போது கார் முழுக்க மாமாவின் பெருமைதான். செல்வப்பிரியா ஜன்னல் வழியே தென்னந்தோப்புகளைப் பார்த்தபடி, மாமா மாடு வாங்கும் லட்சணத்தை நினைத்துக்கொண்டாள். பத்து மணிக்கு வரச் சொன்னார்கள், நாமும் பத்து மணிக்குத்தான் போயிருக்கிறோம்.

பாலக்காட்டில் பிரதீபா என்ற ஆடிட்டரைப் பற்றி கல்லூரி சீனியர்கள் சொல்லியிருந்தார்கள். செப்டம்பர் கடைசி வாரம், வருமான வரி ஆடிட்டுக்குக் கெடு முடியப்போகிற சமயம். ஆடிட் ஆபீசுகளுக்கு இதைவிடக் கறவை நேரம் உண்டா? அப்பா சின்னையனிடம் மட்டும் சொல்லிவிட்டு, செல்வப்பிரியா பஸ் ஏறினாள்.

மருந்துக்கடைக்கு மேலே இரண்டு அறைதான் ஆபீஸ். பித்தளைப் பலகை ஏதுமில்லை. உள்ளே ஃபைல்கள் தரைவரை இறங்கிக் கிடந்தன. போன் ஓயாமல் அடித்தது. அத்தனை அமளியிலும் ஒரு நாற்காலி மட்டும் காலியாக இருந்தது.

"அது ஜோஸோடதுங்க" என்றான் சிவப்பிரகாஷ் என்ற இரண்டாம் வருட ஆர்ட்டிகிள், கம்ப்யூட்டரை விட்டுக் கண்ணெடுக்காமல். "சாந்தன்பாறைக்காரன். நவம்பர்ல ஃபைனல் எழுதறான். லீவுல போயிட்டான்."

"இந்த வாரத்துலயா?"

"போன மாசமே போயிட்டானுங்க. அவன் பாத்த பைலெல்லாம் போறதுக்கு முன்னாடியே எனக்குச் சொல்லிக் குடுத்துட்டான். மிச்சத்த மேடம் பாக்கறாங்க."

ஜோஸ் பார்த்துவந்த ஏலக்காய் எஸ்டேட் கணக்கைத்தான் அப்போது பிரதீபா தன் மேஜையில் விரித்து வைத்திருந்தார். காலையில் ஊற்றிய டீ ஆடை கட்டிக் கிடந்தது. செல்வப்பிரியாவுக்கு அந்த இடத்திலேயே மனசு நிறைந்துவிட்டது. இருந்தாலும் விடாமல் கேட்டாள், இங்கே ஆர்ட்டிகிளுக்கு என்ன வேலை என்று.

"ஜி.எஸ்.டி., டி.டி.எஸ்., அரிசி மில்லுல ஸ்டாக் எண்றது, ஏப்ரல்ல பேங்க் ஆடிட். எல்லாத்துலயும் கை வெக்கோணும், எல்லாத்துக்கும் என்கிட்டத் திட்டு வாங்கோணும்." பிரதீபா கொழிஞ்சாம்பாறைக்காரர், பேச்சில் ஒளிவுமறைவு இல்லை. "ஸ்டைபண்ட் விதியில சொன்ன கொறஞ்ச தொகைதான் என்னால முடியும். பெரிய ஆபீஸ் பேரு இருந்தா நாளைக்கு வேலை தேடறப்ப ஒதவும், அதயும் நெனச்சுக்கோ கண்ணு. ஆனா மே மாசம் குரூப் டூ பாஸ் பண்ணிட்டீன்னா, கடைசி வருசம் ஒரு பெரிய கம்பெனியில ட்ரெயினிங் போலாம். நான் தடுக்க மாட்டேன்."

அன்று சாயங்காலம் வீட்டில் மாமா குதித்தார்.

"ஊருக்கெல்லாம் சொல்லி வெச்சிருக்கேன், மாடியில ரெண்டு ரூமுக்குப் போறேங்கறே? அங்க கெடைக்கற காசுல பாதி கூட இல்லையே!"

செல்வப்பிரியா மாமாவுக்கு எதிரே வந்து நின்றாள். "மாமா, அங்க பத்து மணிக்குப் போய்ப் பாத்தமுங்க. இங்க நான் கறவை நேரத்துல போய்ப் பாத்தனுங்க. நிக்க எடமில்லாத நாள்ல பரிட்சைக்குப் போனவனோட நாற்காலி காலியாக் கெடந்துச்சு. மே மாசம் நான் எப்படியாச்சும் பாஸ் பண்ணோணும் மாமா. இன்னொருக்கா தோத்தா எனக்குத் தாங்காதுங்க."

அப்பா சின்னையன், "புள்ள பால் பாத்துட்டு வந்திருக்குது மச்சான்" என்றார். தங்கதுரை துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். கோயம்புத்தூருக்கு அவரே போன் போட்டு வேண்டாமென்று சொன்னார். ஆனால் அதன்பிறகு மருமகளிடம் சரியாகப் பேசவில்லை. அது அவளுக்கு முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. பிரதீபாவிடம் சேர்ந்தாள், மில்லில் மூட்டை எண்ணினாள், வேண்டிய மட்டும் திட்டு வாங்கினாள். பிப்ரவரி கடைசியில், தன் ஃபைல்களைப் புதிதாக வந்த பையனுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டு லீவில் வீட்டுக்கு வந்தாள். பேங்க் ஆடிட் வந்தால் கூப்பிட்டுவிடுவார்களோ என்று உள்ளுக்குள் ஒரு சந்தேகம் இருந்தது.

ஏப்ரல் முதல் வாரம் அவள் போன் அடித்தது. ஆபீஸ் நம்பர். கூப்பிட்டே விட்டார்கள் என்று நினைத்தாள். எடுத்தால் மாமாவின் குரல்.

"பாலக்காட்டுக்கு லோடு எறக்க வந்தேன். சரி, எட்டிப் பாப்போமுன்னு மேல ஏறுனேன்."

"சொல்லிட்டுப் போனீங்களா மாமா?"

"நான் என்னிக்குச் சொல்லிட்டுப் போயிருக்கேன்?" பின்னால் போன்கள் அலறுவதும் பிரதீபா யாரையோ விரட்டுவதும் கேட்டது. மாமா தொண்டையைச் செருமிக்கொண்டார். "எல்லாரும் பேங்குக்கு ஓடிட்டிருக்கறாங்க. எனக்கு உக்கார எடமில்ல. உன்ற நாற்காலி ஒண்ணுதான் காலியா இருந்துச்சு, அதுல உக்காந்துதான் பேசறேன். நீ போன வெச்சுட்டுப் படி சாமி."