இழுத்துப் பார்க்காத முடி

அழகு நிலையத்தில் எல்லோருக்கும் அவள் அக்காதான். அன்றைக்கு வந்து உட்கார்ந்தது உடன்பிறந்த தங்கை.

"ஸ்ட்ரெய்ட்டனிங் பண்ணி விடுக்கா."

அக்கா ஒரு முடியை நனைத்து மெல்ல இழுத்தாள். நல்ல முடி என்றால் கொஞ்சம் நீண்டு பழையபடி சுருங்கும். இதுவோ சவ்வு மிட்டாய் போல நீண்டு அறுந்தது. உச்சந்தலையில் வேறு பொருக்குத் தட்டியிருந்தது.

"வீட்டுல என்னத்தப் போட்டுத் தொலைச்ச?"

"கடையில வாங்கின க்ரீம். எரிஞ்சுது. எரிஞ்சாத்தான் வேலை செய்யுதுன்னு விட்டுட்டேன்."

அக்காவுக்குக் கோபப்படக்கூடத் தெம்பில்லை. காலையிலிருந்து நின்ற கால் கடுத்தது. மருந்து நெடியில் கண் எரிந்தது.

"புண்ணு மேல திரும்பப் போட்டா வெந்துடும். முடியும் பாதியில ஒடிஞ்சு கையோட வந்துரும். முதல்ல டாக்டர்கிட்ட காட்டு."

தங்கை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நகர்ந்தாள். அக்கா பக்கத்து நாற்காலிக்காரம்மாவுக்குக் கலக்கி வைத்திருந்த க்ரீமை எடுத்தாள். இழுத்துப் பார்த்து வேண்டாமென்று சொன்னால் பாதிப் பேர் எதிர்க்கடைக்குப் போய்விடுகிறார்கள் என்று முதலாளி முணுமுணுத்ததிலிருந்து, அவள் வாடிக்கையாளர் யார் முடியையும் இழுத்துப் பார்ப்பதில்லை.

வாசலில் நின்று தங்கை கேட்டாள். "அவங்களுக்கு இழுத்துப் பாக்கலையாக்கா?"

அக்கா க்ரீம் கிண்ணத்தை வைத்துவிட்டு, அந்தம்மாவின் முடி ஒன்றை நனைக்கத் தண்ணீரை எடுத்தாள்.