தூக்குவாளியோடு ஒரு மாத்திரை

பாலக்கரை ஆஸ்பத்திரி ஒன்றில் மருந்து கொடுக்கும் ஜன்னலுக்கு ஆள் தேடினார்கள். கமருன்னிசா டி.ஃபார்ம் சர்டிபிகேட்டோடு போய் உட்கார்ந்தாள். மேனேஜர் வேதாந்தம், ஸ்ரீரங்கத்துக்காரர், பைலை முன்னும் பின்னும் புரட்டினார். படித்ததெல்லாம் கர்நாடகத்து ஹூப்ளியில். வீட்டில் உருது.

"தமிழ் பேச வருமாம்மா?" என்றார்.

கேட்டாரே ஒரு கேள்வி. பிறந்ததே அடுத்த சந்தில்தான். அப்பாவுக்கு மாற்றலாகி ஊரைவிட்டுப் போனவள், திரும்பி வந்து மூன்று வருஷமாகிறது. வேலை கிடைக்காவிட்டால் மறுபடி ஹூப்ளிக்கு ரயில் ஏற வேண்டியதுதான். அவளுக்கோ அந்த ஊர் பிடிக்கவே பிடிக்காது. இதையெல்லாம் விளக்க வாயெடுக்கும்போது ஜன்னலில் ஒரு குரல்.

"இந்த மாத்திரை எனக்கு ஒத்துக்கலைங்க. வாழைத் தோட்டத்துல தலை சுத்தி உக்காந்துட்டேன்." ஜீயபுரத்துப் பவுனம்மாள்.

"காலை சாப்பாட்டுக்கு முன்னாடின்னு எழுதியிருக்கே. அப்படித்தானே போட்டுக்கறேள்?" என்றார் வேதாந்தம்.

"அப்படித்தாங்க போடுறேன்."

அவருக்கு அதற்குமேல் கேட்கத் தெரியவில்லை. கமருன்னிசா விளக்கத்தை விழுங்கிவிட்டு எழுந்து ஜன்னலுக்குப் போனாள்.

"உக்காருங்க அத்தை. எத்தனை மணிக்கு எந்திரிப்பீங்க?"

"அஞ்சுக்கு. எந்திரிச்சதும் டீயோட மாத்திரை."

"சோறு?"

"அது தூக்குவாளியில கொண்டுபோயி தோட்டத்துலதான். பத்து ஆயிடும்."

"நடுவுல ஒண்ணும் கிடையாதா?"

"வேலையில ஏதும்மா நேரம்?"

"அதான் சங்கதி. இது சர்க்கரையை இறக்குற மாத்திரை. அஞ்சு மணி நேரம் வயித்தைக் காயப்போட்டா ரொம்ப இறங்கிடும். தலை சுத்தாம என்ன பண்ணும்?"

வேதாந்தத்திடம் எண் கேட்டு, மேஜை போனில் டாக்டரைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னாள். அவர் சொன்னதைக் கேட்டுக்கொண்டு திரும்பினாள்.

"இன்னிக்கு ரத்தம் டெஸ்ட் பண்ணிட்டுப் போகச் சொல்றாரு. நாளையிலேருந்து மாத்திரை தூக்குவாளியோடயே தோட்டத்துக்கு வரட்டும். வாளியைத் திறந்ததும் போடுங்க, உடனே சாப்பிடுங்க. சாப்பாடு இல்லையா, மாத்திரையும் இல்லை. கை நடுங்கினா சர்க்கரைத் தண்ணி குடிச்சிட்டு நேரா இங்க வாங்க. இப்ப எனக்குச் சொல்லுங்க, எப்ப போடுவீங்க?"

"வாளியைத் திறந்துட்டு. சோத்துக்கு முன்னால."

"சோறு கொண்டுபோகாத அன்னிக்கு?"

"போட மாட்டேன்."

"அவ்வளவுதான் அத்தை."

பவுனம்மாள் மாத்திரை அட்டையை முந்தானையில் முடிந்துகொண்டாள். போன மாசமும் இதே ஜன்னலில்தான் வாங்கினாள், யாரும் அவளை எப்போது சோறு தின்பாய் என்று கேட்டதில்லை. பிறகு நிமிர்ந்தாள்.

"அடுத்த மாசம் வர்றப்பவும் நீதானே இருப்பே?"

கமருன்னிசா திரும்பி மேனேஜரைப் பார்த்தாள்.

வேதாந்தம் பைலை மூடி மேஜை டிராயருக்குள் வைத்தார்.

"இருப்பாம்மா," என்றார் பவுனம்மாளிடம்.