மஞ்சள் வைத்த புடவை

நீடாமங்கலம் கடைத்தெருவில் ஜாஃபர் சாதிக்கின் ஜவுளிக்கடையில் துணி மாற்றித் தரும் மேசை அம்சம் என்பவளுடையது. புருஷன் போன பிறகு வேலைக்கு வந்து, வாங்குகிற திட்டெல்லாம் சம்பளத்தில் சேர்த்தி என்று பழகிக்கொண்டவள். தலைக்கு மேலே போர்டு: 'பில், விலைச்சீட்டு இருந்தால் மட்டுமே மாற்றித் தரப்படும். நிபந்தனைகளுக்கு உட்பட்டது.' என்ன நிபந்தனை? எழுதினவனுக்கே தெரியாது! அதெல்லாம் அம்சத்தின் வாயில்தான் இருந்தது.

ஐப்பசி மழையில், வாங்கின புடவையைத் திருப்பிக் கொடுக்க மருதையன் வந்தார். பில் இருந்தது, விலைச்சீட்டும் இருந்தது. பச்சைப் பட்டுப்புடவை மடிப்புக்கூடக் கலையவில்லை. ஆனால் முந்தானை ஓரத்தில் மஞ்சள். புதுத்துணி வீட்டுக்கு வந்ததும் மஞ்சள் தொட்டு வைக்காத வீடு இந்தப் பக்கம் ஏது?

"மஞ்சள் வச்சிட்டா எடுக்க மாட்டோம் அய்யா."

"போர்டுல அப்படி இல்லையேம்மா."

"நிபந்தனைன்னு போட்டிருக்குல்ல."

"மக கல்யாணத்துக்குக் கட்டிக்கணும்னு என் சம்சாரம் எடுத்தது. போன வாரம் நெஞ்சுவலின்னா, போயிட்டா. பொறந்த வீட்டுக் கோடிப் புடவையைத்தான் போத்துனாங்க. பீரோவைத் தொறந்தா இதுதான் கண்ணுல படுது. வீட்டுல வச்சிக்க முடியலம்மா."

அம்சத்தின் கை புடவையை வாங்க நீண்டது. இருந்தாலும் பழகின வாய், "முடியாதுங்க" என்றது. அவர் சண்டை போடவில்லை. புடவையைச் சட்டைக்குள் நனையாமல் செருகிக்கொண்டு நடந்தார்.

அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை. நேரே முதலாளியிடம் போய் நின்றாள்.

"போர்டுல இல்லாத சட்டத்தை நான் எத்தனை நாளைக்கு மொதலாளி வாயால சொல்றது? பாவம் எனக்கு, பேரு கடைக்கா?"

"மஞ்சள் வச்சதை யாரு தலையில கட்டுறது அம்சம்?"

"அப்ப அதை எழுதுங்க. எழவு வீட்டுக்கு விலக்குன்னும் எழுதுங்க."

ஜாஃபர் சாதிக் எழுந்து போய்ப் பழைய போர்டை ஒரு தரம் படித்தார். கடைசியில், "நீயே சொல்லு, எழுதச் சொல்றேன்" என்றார்.

புதுப் போர்டு வந்தது. பில் தேதியிலிருந்து பதினைந்து நாளுக்குள் வேறு துணி மாற்றலாம். நெசவில் பழுது இருந்தால் பணமே திரும்பத் தரப்படும். பில் தொலைந்தால் வாங்கும்போது கொடுத்த போன் நம்பர் போதும். வெட்டியது, ஃபால்ஸ் தைத்தது, துவைத்தது, மஞ்சள் வைத்தது எடுக்கப்படாது. கட்டிக்கொள்ள இருந்தவர் இறந்திருந்தால் மட்டும் மஞ்சள் இருந்தாலும் ஒரு மாதத்துக்குள் எடுத்துக்கொண்டு பணம் தரப்படும். வேறு சான்று கேட்க மாட்டோம்.

மை காய்வதற்குள் அம்சம் கடையில் இருந்த பில் நகலில் மருதையனின் நம்பரைத் தேடிப் போன் போட்டாள்.

"அய்யா, புடவையைக் கொண்டாங்க. எடுத்துக்கிறோம்."

அந்தப் பக்கம் மழைச்சத்தத்துக்கு நடுவே அவர் குரல் கேட்டது.

"வேணாம்மா. அன்னைக்கு நீ வாங்கியிருந்தா குடுத்திருப்பேன். வீட்டுக்கு வந்துதான் பிரிச்சுப் பாத்தேன். அந்த மஞ்சள் அவ வெரலால வச்சது. ரேகை அப்படியே இருக்கு."

அம்சம் போனை வைத்துவிட்டு, மேசையிலேயே தலையைக் கவிழ்த்து அழுதாள்.